மேண்டல்பல்ப் உருவம் சரியாக வருகிறது, ஆர்பிட் டிராப் நிறத்தில் மட்டும் வளையங்கள் – ஏன்?

தூண்டில்மீன்

வணக்கம். இரண்டு வாரமாக எட்டாம் அடுக்கு மேண்டல்பல்பை ஷேடரில் வரைந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் ஒரு கதிர் கிளம்புகிறது. தூர மதிப்பீடு சொல்லும் அளவுக்கு முன்னேறுகிறது. அந்தத் தூரம் ஒரு பிக்சலின் அகலத்தை விடக் குறைந்ததும் நின்றுவிடுகிறது. படத்தின் உயரம் 1080 பிக்சல், கேமரா 2.5 அலகு தள்ளி இருக்கிறது. ஆகவே நிற்கும் வரம்பு ஏறத்தாழ 0.0023.

சாம்பல் நிறத்தில் ஒளி மட்டும் போட்டுப் பார்த்தால் உருவம் அழகாக இருக்கிறது. ஆர்பிட் டிராப் மதிப்பை நிறமாக்கியதும் மூன்று கோளாறுகள் தெரிகின்றன. முதலாவது, மொட்டுகளின் மேல் மரத்தை அறுத்தால் தெரியும் ஆண்டு வளையங்களைப் போல வரிகள் விழுகின்றன. இரண்டாவது, உச்சியில், z அச்சைச் சுற்றி, பூச்சி அரித்த இலை போல ஓட்டைகள். மூன்றாவது, கேமரா நகரும்போது பள்ளங்களில் புள்ளிகள் மினுக்குகின்றன.

```glsl
float bulb(vec3 c, out vec4 trap) {
  vec3 z = c;
  float r = length(z), dr = 1.0;
  trap = vec4(abs(z), r);
  for (int i = 0; i < 12; i++) {
    float th = 8.0 * acos(z.z / r);
    float ph = 8.0 * atan(z.y, z.x);
    dr = 8.0 * pow(r, 7.0) * dr + 1.0;
    z = pow(r, 8.0) * vec3(sin(th)*cos(ph),
                           sin(th)*sin(ph), cos(th)) + c;
    r = length(z);
    trap = min(trap, vec4(abs(z), r));
    if (r > 2.0) break;
  }
  return 0.5 * log(r) * r / dr;
}
```

`trap`இன் முதல் மூன்று எண்கள், சுற்றுப்பாதை மூன்று அச்சுத் தளங்களையும் எவ்வளவு நெருங்கியது என்பதைச் சொல்கின்றன. நான்காவது, ஆதிப்புள்ளியை எவ்வளவு நெருங்கியது என்பது. சிவப்பை x தளத்திலிருந்தும் நீலத்தை நான்காவதிலிருந்தும் எடுக்கிறேன். எங்கே பிழை?

செங்கல்சூளை

பல வருடங்களாக விளையாட்டு நிரல்களில் ஷேடர் எழுதுகிறேன் தம்பி. இது தசமத் துல்லியம் போதாததால் வருவது. 32 பிட் மிதவை எண்ணில் எட்டாம் அடுக்கைத் திரும்பத் திரும்பப் போட்டால் பிழை பெருகாமல் என்ன செய்யும்? மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். ஒவ்வொரு அடியையும் 0.6 ஆல் பெருக்குங்கள், சுற்றுகளை 12இலிருந்து 30 ஆக்குங்கள், நிற்கும் வரம்பை 0.0001க்குக் கொண்டுவாருங்கள். வளையம், ஓட்டை, மினுக்கம் மூன்றும் போய்விடும்.

பித்தளைவிளக்கு

நான் ஷேடர் எழுதுபவன் அல்ல. மேண்டல்பல்பை முப்பரிமாண அச்சில் எடுத்து வண்ணம் தீட்டுகிறேன். பெட்டியை 400 கட்டங்களாகப் பிரித்து, தூர மதிப்பிலிருந்து முக்கோண வலை எடுத்து, வலையின் ஒவ்வொரு முனையிலும் இதே `trap` மதிப்பைக் கணக்கிட்டு நிறம் கொடுக்கிறேன். எனக்கு வளையம் வருவதில்லை, திட்டுத் திட்டாகக் கறை வருகிறது. பக்கத்துப் பக்கத்து முனைகள் இரண்டு, ஒன்று சிவப்பு, மற்றொன்று பச்சை. என் வலைதான் மோசம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்னிடம் கதிரும் இல்லை, அடியும் இல்லை. இரண்டும் ஒரே நோயாக இருக்க முடியுமா?

தூண்டில்மீன்

செங்கல்சூளை அண்ணா சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். 0.6 ஆல் பெருக்கியதும் உச்சியில் இருந்த ஓட்டைகள் அநேகமாக மூடிவிட்டன, மிக்க நன்றி. வளையங்கள் போகவில்லை. முன்பை விடச் சற்று மங்கலாக, ஆனால் நெருக்கமாக வருகின்றன. சுற்றுகளை 30 ஆக்கியதில் படத்தில் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. வரம்பை 0.0001 ஆக்கியதும் மினுக்கம் பல மடங்கு கூடிவிட்டது.

நாற்கரம்

தம்பி, முதலில் ஒரு சோதனை. நிறத்தை எல்லாம் எடுத்துவிட்டு, கதிர் நின்ற இடத்தில் கிடைத்த தூரத்தை வரம்பால் வகுத்து, அந்த எண்ணை மட்டும் சாம்பல் நிறமாகக் காட்டுங்கள். உங்கள் வளையங்கள் அதே இடங்களில் தெரியும்.

காரணம் இதுதான். வரம்புக்குக் கீழே வந்ததும் கதிர் நிற்கிறது. ஆனால் எவ்வளவு கீழே என்பது பிக்சலுக்குப் பிக்சல் மாறும். ஒரு பிக்சலில் 0.9 மடங்கில் நிற்கும், பக்கத்தில் 0.95, அதற்கடுத்து 0.99. அடுத்த பிக்சலில் வரம்பை மயிரிழையில் தாண்டிவிடுவதால் இன்னோர் அடி எடுத்துவைத்து 0.4இல் போய் நிற்கும். அந்தத் தாவல்தான் வளையம். அதாவது ஒவ்வொரு வளையமும் அடிகளின் எண்ணிக்கை ஒன்று கூடும் எல்லைக்கோடு. அடியைச் சுருக்கினால் அடிகள் கூடும், ஆகவே வளையங்களும் கூடும். தாவலின் உயரம் குறைவதால் மங்கும். நீங்கள் கண்டது முழுக்க இதுவே.

ஒளி போடும்போது இது தெரியாததற்குக் காரணம், பரப்பின் சாய்வு ஒரு பிக்சலின் பாதித் தொலைவில் பெரிதாக மாறுவதில்லை. `trap` அப்படியல்ல. தொடக்கப் புள்ளியில் ஏற்படும் சிறு அசைவை ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழ எட்டு மடங்காகப் பெருக்குகிறது.

மருந்து எளிது. எல்லாக் கதிர்களையும் ஒரே தூரத்தில் நிறுத்துங்கள். நின்றபின் இந்த நான்கு சிறு திருத்தங்கள் போதும். `px` என்பது 1 அலகுத் தொலைவில் ஒரு பிக்சலின் அகலம்:

```glsl
for (int k = 0; k < 4; k++)
  t += bulb(ro + t*rd, trap) - t*px;
```

வரம்புக்குள் புகுந்த கதிர் இதனால் சற்றுப் பின்வாங்கி, தூரம் சரியாக ஒரு பிக்சலாக இருக்கும் ஓட்டின் மேல் அமர்கிறது. பிறகு `trap` எடுங்கள்.

பித்தளைவிளக்கு, உங்கள் நோயும் இதுதான். வலையின் முனைகளை இரு கட்டப் புள்ளிகளுக்கு இடையே நேர்கோட்டில் இடைமதிப்பு எடுத்து வைக்கிறீர்கள் அல்லவா? அந்த முனைகள் ஒரே ஓட்டின் மேல் உட்காருவதில்லை. ஒன்று ஆழமாக, ஒன்று மேலாக. கதிர் இல்லாததால் வளையமாக வரிசைப்படாமல் கறையாகச் சிதறுகிறது.

செங்கல்சூளை

பின்வாங்குவதை நான் ஏற்கவில்லை. உண்மையான பரப்பு தூரம் சுழியமாகும் இடத்தில் இருக்கிறது. ஒரு பிக்சல் தள்ளி நின்று நிறம் எடுத்தால் அது பரப்பின் நிறம் அல்ல. இருகூறிட்டுச் சுழியம் வரை போய்விடலாமே. அதற்குத் துல்லியம் இடம் தராது என்பதுதானே என் வாதம்?

நாற்கரம்

துல்லியம் பற்றி முதலில். 2.5 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 32 பிட் மிதவை எண்களின் இடைவெளி 0.00000024. தம்பியின் வரம்பு 0.0023, ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு பெரியது. இந்தப் படத்தில் துல்லியத்துக்குப் பஞ்சமே இல்லை. வரம்பு பத்து லட்சத்தில் ஒன்றாகும் அளவுக்கு உள்ளே போனால் நீங்கள் சொல்வது முழு உண்மையாகிவிடும்.

சுழியம் வரை போவது பற்றி. பந்துக்கும் பெட்டிக்கும் அது பொருந்தும். இங்கே பரப்புக்கு முடிவான தோல் கிடையாது. நெருங்க நெருங்கப் புதிய மொட்டுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். எந்த ஆழத்தில் நிறுத்தினாலும் நாம் காண்பது அந்த ஆழத்து ஓடு ஒன்றைத்தான். அது ஒரே ஓடாக இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

ஆனால் உச்சி ஓட்டைகளுக்கு நீங்கள் தந்த 0.6 சரியான மருந்து. மேண்டல்ப்ராட் கணத்தின் எல்லைக்கு அருகே 0.5·r·log(r)/dr என்ற மதிப்பு நடைமுறையில் உண்மைத் தூரத்தைத் தாண்டாது. கோபேயின் கால் பங்குத் தேற்றம் அதற்கு உறுதி தருகிறது. 2009இல் டேனியல் வைட்டும் பால் நைலாண்டரும் கண்ட இந்த முப்பரிமாண வாய்பாட்டுக்கு அந்த உறுதி இல்லை. `dr` என்ற ஒற்றை எண், எல்லாத் திசையிலும் இழுவை ஒன்றே என்று பாவிக்கிறது. அச்சைச் சுற்றிய திசையில் உண்மையான இழுவை 8r⁷ஐ sin 8θ / sin θ ஆல் பெருக்கியது. அச்சுக்கு அருகே அந்தப் பின்னம் 8 வரை போகும். ஆகவே அங்கே `dr` குறைவாகவும் தூரம் அதிகமாகவும் வந்து, கதிர் பரப்பைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது.

தூண்டில்மீன்

அக்கா, சோதனைப் படத்தில் வளையங்கள் அச்சு அசலாக அதே இடத்தில் இருந்தன! நான்கு திருத்தங்களும் போட்டபின் மொட்டுகளின் முகப்பில் வளையமே இல்லை. விளிம்புகளில் மட்டும், கதிர் பரப்பை உரசிக்கொண்டு போகும் இடங்களில், மெல்லிய வரிகள் மிஞ்சியிருக்கின்றன.

வளையம் போனதும் அதற்கடியில் இருந்த இன்னொன்று வெளிப்பட்டிருக்கிறது. சிவப்பில் மட்டும், வரைபடத்தில் நாட்டெல்லை போட்டதுபோலக் கூர்மையான பிளவுகள். கோட்டின் ஒரு பக்கம் அடர்சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. நீலத்தில் ஒரு பிளவும் இல்லை. மினுக்கமும் அப்படியே இருக்கிறது.

நாற்கரம்

உரசும் கதிரில் t ஓர் அலகு நகர்ந்தால் தூரம் சிறிதளவே மாறும். அதனால் திருத்தம் மெதுவாகவே ஒன்றுகூடும். எட்டுத் திருத்தங்கள் போட்டால் குறையும், முற்றிலும் போகாது.

நீலத்தில் பிளவு இல்லை என்று கவனித்துச் சொன்னீர்களே, விடை அதற்குள் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மூன்றாம் சுற்றில் r = 1.99, ஆகவே நான்காம் சுற்றும் ஓடுகிறது. மற்றொன்றில் r = 2.01, அத்துடன் நிற்கிறது. நான்காம் சுற்றில் புள்ளி 240 அலகுக்கு அப்பால் தூக்கி எறியப்படும். அவ்வளவு தள்ளிப் போன புள்ளியால் ஆதிப்புள்ளிக்கான குறைந்தபட்சத்தை மாற்ற முடியாது. நீலம் தப்பிக்கிறது. ஆனால் x தளம் முடிவில்லாமல் நீண்டது. எவ்வளவு தூரம் எறியப்பட்ட புள்ளியும் தற்செயலாக அந்தத் தளத்தின் பக்கத்தில் விழலாம். விழுந்தால் முதல் பிக்சலின் சிவப்பு மாறும், இரண்டாவதில் மாறாது. `break` வரியை `min`க்கு முன்னே நகர்த்தினால் போதும் என்று தோன்றும். போதாது. பிளவு ஒரு சுற்று முன்னால் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இப்போது மினுக்கம். கதிர் நிற்கும் ஓட்டில் 0.5·r·log(r)/dr என்பது ஒரு பிக்சலுக்குச் சமம். வெளியேறும் போது r = 2 என்று வையுங்கள். 0.5 × 2 × 0.69 = 0.69. அதாவது `dr`ஐப் பிக்சல் அகலத்தால் பெருக்கினால் 0.69. `dr` சொல்வது, தொடக்கத்தில் சிறிது அசைந்தால் இந்தச் சுற்றில் புள்ளி எவ்வளவு அசையும் என்பது. ஆகவே திரையில் ஒரு பிக்சல் நகர்ந்தால் கடைசிப் புள்ளி 0.69 அலகு தாவுகிறது. முழு உருவமும் ஏறத்தாழ இரண்டரை அலகுதான்! அந்தப் புள்ளியிலிருந்து எடுக்கும் நிறம் பக்கத்துப் பிக்சலோடு உறவே இல்லாத வெறும் இரைச்சல். அதற்கு முந்தைய புள்ளி எட்டில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ, 0.09க்குள், அசைகிறது. அது பயன்படும்.

30 சுற்றுகள் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்பதும் இதில் அடங்கும். r ஒன்றுக்கு அருகே இருந்தால் `dr` 1, 9, 73, 585 என்று ஏறும். 0.69ஐ 0.0023 ஆல் வகுத்தால் 300. ஆகவே உங்கள் பிக்சல்களில் பெரும்பாலானவை மூன்றாம் சுற்றை ஒட்டியே வெளியேறிவிடுகின்றன. வரம்பை 0.0001 ஆக்கியபோது பிக்சலை விட நுண்ணிய ஓட்டில் நின்றீர்கள். இரைச்சலான சுற்றுகள் ஒன்றோ இரண்டோ கூடின. மினுக்கம் பெருகியது அதனால்.

பிளவு, மினுக்கம் இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஒரு சுற்று எவ்வளவு நம்பத்தக்கது என்பதை `dr`இடமே கேளுங்கள். நம்பிக்கை குறையக் குறைய அந்தச் சுற்றை `trap` என்ற பொறியிலிருந்து மெதுவாக விலக்குங்கள். `bulb`க்கு `e` என்று பிக்சல் அகலத்தையும் அனுப்பி, `min` வரியை இப்படி மாற்றுங்கள்:

```glsl
float w = 4.0 * smoothstep(0.1, 0.5, e * dr);
trap = min(trap, vec4(abs(z), r) + w);
```

பெருக்கல் 0.5ஐத் தாண்டியதும் 4 கூட்டப்படுவதால் அந்தச் சுற்று ஒருபோதும் குறைந்தபட்சமாகாது. வெளியேறிய சுற்றுகளில் பெருக்கல் எப்போதும் 0.69க்குக் குறையாது என்று மேலே பார்த்தோம். ஆகவே அவை தாமாகவே விலகிவிடும். 0.1க்கும் 0.5க்கும் நடுவே படிப்படியாக விலகுவதால் எல்லைக்கோடு விழாது.

பித்தளைவிளக்கு

என் உருவம் 2.4 அலகு, கட்டங்கள் 400, ஆகவே `e` 0.006 என்று வைத்தேன். முனைகளையும் ஒரே ஓட்டுக்கு நகர்த்தினேன். கறை முழுவதும் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு பெரிய மொட்டும் அடியில் நீலம், நுனியில் மஞ்சள் என்று தெளிவாக நிறம் பிரிகிறது. தூரிகை அகலத்துக்கு அதுவே போதும். இரண்டு மாதமாக வலையைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.

மலையேறி

நான் இந்த உருவங்களை வைத்து நீண்ட அசைபடங்கள் செய்கிறேன். நாற்கரம் அவர்களின் வழி ஒற்றைப் படத்துக்கு மிக நன்று. அசைபடத்தில் எனக்குச் சங்கடம் உண்டு. `e` கேமராவின் தொலைவைப் பொறுத்தது. கேமரா நெருங்கினால் `e` சுருங்கும், புதிதாக ஒரு சுற்று பொறிக்குள் வரும், கண்முன்னே மொட்டின் நிறம் மாறும். ஒரு கல்லை நோக்கி நடக்கும்போது கல்லின் நிறம் மாறுவதைப் பார்வையாளர் ஏற்கமாட்டார். நான் பொறியை முதல் இரண்டு சுற்றுகளோடு கட்டிவிடுகிறேன். எவ்வளவு நெருங்கினாலும் நிறம் மாறாது.

நாற்கரம்

அப்படிக் கட்டினால் நூறு மடங்கு நெருங்கிய பிறகு திரை முழுக்க ஒரே நிறம் அல்லவா வரும்? முதல் இரண்டு சுற்றுகள் அந்த அளவில் அசைவதே இல்லை. உருவம் நுணுக்கமாக விரிய, நிறம் மட்டும் சுவருக்கு அடித்த வண்ணம் போல நிற்கும்.

மலையேறி

ஆம், வரும். அந்தச் சமயத்தில் நிறத்தை விட்டுவிட்டு ஒளியையும் நிழலையும் நம்புகிறேன். இல்லையென்றால் காட்சி முழுவதற்கும் மிக நெருங்கிய நொடியின் `e`ஐ மாறிலியாக வைத்து, தொலைவில் இருக்கும் நொடிகளில் ஒரு பிக்சலுக்குப் பதினாறு கதிர் விட்டு மினுக்கத்தைச் சராசரியாக்குகிறேன். கணினி இரவு முழுக்க ஓடும். ஆனாலும் நிறம் பொருளுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், பார்ப்பவனின் தொலைவுக்கு அல்ல என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நாற்கரம்

இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன். முடிவில்லாத நுணுக்கம் கொண்ட பொருளுக்குத் தொலைவைச் சாராத நிறம் ஒன்று உண்டா என்பதே எனக்கு ஐயம். பதினாறு கதிர்களின் சராசரியும் பிக்சலின் அளவைச் சார்ந்ததுதானே?

செங்கல்சூளை

`e * dr` வழியை என் மேண்டல்பாக்ஸில் போட்டுப் பார்த்தேன். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் `dr` மடிப்பைப் பொறுத்துச் சீரற்று ஏறுகிறது, என்றாலும் மினுக்கம் நின்றுவிட்டது. முதல் பதிலில் துல்லியத்தைக் குற்றம் சாட்டியது என் தவறு. 0.1, 0.5 என்ற எல்லைகளை மேண்டல்பாக்ஸுக்கு 0.2, 0.6 என்று வைத்தால் எனக்கு நன்றாக வருகிறது. காரணம் புரியவில்லை.

தூண்டில்மீன்

பிளவுகள் முற்றிலும் போய்விட்டன. பள்ளங்களிலும் மினுக்கம் இல்லை. உச்சியில், அச்சைச் சுற்றி ஒரு நாணய அளவு வட்டத்தில் மட்டும் இன்னும் மினுக்குகிறது. அக்கா சொன்ன அந்த sin 8θ / sin θ பின்னம்தான் இங்கேயும் வேலை செய்கிறது என்று ஊகித்தேன். `dr` அங்கே குறைவாக வருவதால், நம்பத்தகாத சுற்றும் நம்பத்தக்கதாகக் கணக்கில் வந்துவிடுகிறது.

ஆகவே நிறத்துக்கு மட்டும் `dc` என்று தனியாக ஓர் எண் வைத்தேன். `dr` போலவே ஏறும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பின்னம் ஒன்றை விடப் பெரியதானால் அதனாலும் பெருக்கப்படும். `smoothstep`க்குள் `dr`க்குப் பதில் `dc`. அடி போடுவதற்குப் பழைய `dr` அப்படியே இருக்கிறது. மினுக்கம் நின்றுவிட்டது. ஆனால் இப்போது அந்த வட்டத்துக்குள் இரண்டாம் சுற்றுகூட விலக்கப்பட்டு, உச்சி மட்டும் ஒரே வெளிர்நீலமாகத் தட்டையாக இருக்கிறது. பின்னத்தின் முழு மதிப்பு மிகையோ? வர்க்கமூலம் எடுத்துப் பார்த்தேன், பாதி மினுக்கம் திரும்பிவிட்டது.

நாற்கரம்

ஊகம் சரி. வர்க்கமூலத்துக்கு நியாயம் இல்லை, அதை விட்டுவிடுங்கள். அச்சுக்கு அருகே இழுவை ஒரு திசையில் மட்டுமே அதிகம், அச்சை நோக்கிய திசையில் இயல்பாகவே இருக்கிறது. ஒற்றை எண்ணால் இரண்டையும் சொல்ல முடியாது. `dc`க்குப் பதில் 3×3 அணியாக முழு வகைக்கெழுவையும் சுமந்து சென்று, திரையின் இரு திசைகளிலும் தனித்தனியாக அசைவைக் கணக்கிட்டால் உச்சியின் நிறம் திரும்பக்கூடும். ஒரு சுற்றுக்கு ஓர் அணிப் பெருக்கல் கூடுதல் செலவு. நிறத்துக்கு மட்டும், கடைசி ஒரு முறை கணக்கிட்டால் தாங்கும். நான் இதுவரை செய்ததில்லை. செய்தால் படத்தை இங்கே போடுங்கள்.